ஒரே தோசை, 90 ரூபாயும் 390 ரூபாயும்: வாங்கும் திறன் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 90 ரூபாய்க்குச் சாப்பிடுகிற மசாலா தோசைக்கு சிங்கப்பூரில் 6 வெள்ளியா, அதாவது 6 சிங்கப்பூர் டாலரா? 390 ரூபாய் ஆகிறதே, கொள்ளை இல்லையா?

இல்லை. அந்தக் கடைக்காரர் கையில் நிற்கும் லாபம், சென்னைக் கடைக்காரருக்கு நிற்பதைவிட விகிதத்தில் குறைவாகக்கூட இருக்கலாம். வெளிநாடு போன புதிதில் எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அந்தப் பெருக்கலில் தவறில்லை. அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் தவறாகிவிடுகிறது.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போகிறேன். சென்னையில் நடுத்தரமான ஒரு சைவ ஓட்டல், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் அதே தரத்தில் ஒரு கடை. இங்கே தோசை 90 ரூபாய், அங்கே 6 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய். இவை கணக்குக்காக வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் தெருக் கடையில் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், கணக்குப் போகும் வழி மாறாது.

சரி, வாங்கும் திறன் சமநிலை என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஒரு நாட்டில் ஒரு வெள்ளி வாங்கித் தருவதை இன்னொரு நாட்டில் வாங்க அந்த ஊர்ப் பணம் எவ்வளவு வேண்டும் என்பதுதான் அது.

நம் தோசையை மட்டும் வைத்துப் பார்த்தால் 90ஐ 6ஆல் வகுக்க வேண்டும், 15 வரும். அதாவது தோசைக் கணக்கில் ஒரு வெள்ளிக்கு 15 ரூபாய். பணம் மாற்றும் கடையில் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய். இந்த 15ஐ 65ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 சதவீதம். சிங்கப்பூர்த் தோசை விலையில் சென்னைத் தோசை 23 சதவீதம்தான் என்று அர்த்தம். பொருளாதாரத்தில் இதற்கு விலை மட்டம் என்று பெயர்.

வாங்கும் திறன் சமநிலை என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் பொருளாதார அறிஞர் குஸ்தாவ் காசெல், 1918இல். முதல் உலகப் போரில் நாடுகளின் பணமெல்லாம் தடுமாறிக்கிடந்த நேரம் அது. எந்த விகிதத்தில் மாற்றினால் நியாயம் என்ற கேள்விக்கு விடையாகத்தான் அவர் இதை முன்வைத்தார். இலங்கைப் பாடநூல்களில் இதையே கொள்வனவுச் சக்திச் சமநிலை என்பார்கள்.

அரிசியும் உளுந்தும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே விலைதானே? அப்புறம் எப்படி நாலு மடங்கு?

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. தோசை விலையில் அரிசியும் உளுந்தும் சிறு பங்குதான். இரண்டு கடைகளின் கணக்கையும் பிரித்துப் பார்ப்போம்.

சென்னையின் 90 ரூபாயில் மாவு, உருளைக்கிழங்கு, எண்ணெய், தேங்காய், சாம்பார்ச் சாமான் எல்லாம் சேர்த்து 32 ரூபாய். ஆட்களின் சம்பளம் 20, வாடகை 12, கேஸ், கரண்ட், தண்ணீர் 8, ஜிஎஸ்டி 4, முதலாளிக்கு நிற்பது 14.

சிங்கப்பூரின் 6 வெள்ளியில் சாமான் 1.10, ஆட்செலவு 2.00, வாடகை 1.40, கேஸும் கரண்டும் 0.40, 9 சதவீத ஜிஎஸ்டி 0.50, முதலாளிக்கு 0.60.

இப்போது அந்த வெள்ளிகளை ரூபாயாக்குங்கள். சாமான் 71 ரூபாய் 50 காசு, சென்னையைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆட்செலவு 130 ரூபாய், ஆறரை மடங்கு. வாடகை 91 ரூபாய், ஏழரை மடங்கு. இரண்டு ஊர்த் தோசைக்கும் இடையே உள்ள 300 ரூபாய் வித்தியாசத்தில் ஆளும் வாடகையும் மட்டுமே 189 ரூபாய். அரிசி, உளுந்து, எண்ணெய் எல்லாம் சேர்ந்து 40 ரூபாய்கூட இல்லை.

அரிசி மூட்டை கப்பலேறும். சென்னையில் ரொம்ப மலிவாகவும் சிங்கப்பூரில் ரொம்ப விலையாகவும் இருந்தால் ஒரு வியாபாரி இங்கே வாங்கி அங்கே விற்பார், அதனால் விலைகள் ஒன்றையொன்று நெருங்கும். ஆனால் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற ஆளின் ஒரு மணி நேர உழைப்பு கப்பலேறாது. மேசை போட்டிருக்கும் அந்த நாற்பது சதுர அடியும் கப்பலேறாது. சுடச்சுடத் தோசையும் ஏறாது. கப்பலேறாத சரக்குகளின் விலை அந்தந்த ஊரிலேயேதான் தீர்மானமாகிறது.

கப்பலேறும் சாமானுக்கே ஏன் இரண்டு மடங்கு என்று கேட்கலாம். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை, அந்த ஊர் கிடங்கில் அந்த ஊர் வாடகைக்குத்தான் தங்குகிறது. அந்த ஊர்ச் சம்பளம் வாங்கும் ஓட்டுநர்தான் அதைக் கடைக்குக் கொண்டுவருகிறார். அரசின் முடிவுகளும் நடுவில் வரும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதம் இட்லிக்கும் தோசைக்கும் நாம் ஊறப்போடும் புழுங்கல் அரிசி மீது 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. 2024 இலையுதிர்காலத்தில்தான் இவை முழுதாக நீங்கின. அவ்வளவு காலமும் உள்ளூர் விலையும் வெளிநாட்டு விலையும் ஒன்றையொன்று நெருங்காதபடி நடுவில் ஒரு சுவர் நின்றது.

இரண்டு ஊரிலும் தோசை மாஸ்டர் செய்வது ஒரே வேலை. ஒரு மணி நேரத்தில் அதே அளவு தோசைதான். பிறகு ஏன் அங்கே ஐந்தாறு மடங்கு சம்பளம்?

இதுதான் இந்த விஷயத்தின் மையக் கேள்வி. நன்றாக வேலை செய்பவருக்கு நல்ல சம்பளம் என்ற பதில் இங்கே செல்லாது. சென்னை மாஸ்டர் ஒருவேளை வேகமாகவே ஊற்றுவார்.

மாஸ்டரை விட்டுவிட்டு, அதே ஊரில் வேறு எங்கே வேலை கிடைக்கும் என்று பாருங்கள். சிங்கப்பூரில் கணினிச் சில்லு ஆலைகள், ஜூரோங் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, துறைமுகம், வங்கிகள் எல்லாம் உலகச் சந்தைக்கு விற்கின்றன. அங்கே ஒரு தொழிலாளி நல்ல இயந்திரத்தோடு ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மதிப்பு மிக அதிகம், அதனால் அங்கே சம்பளமும் அதிகம். அந்தச் சம்பளம் ஊர் முழுக்கப் பரவுகிறது. பரிமாறுகிறவருக்கும், முடி வெட்டுகிறவருக்கும், பேருந்து ஓட்டுகிறவருக்கும் ஓரளவாவது அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் ஆள் நிற்காது. சமையல்காரரின் வேகம் கூடவில்லை, பக்கத்து ஆலையின் உற்பத்தித் திறன் அவருடைய கூலியையும் தூக்கிவிடுகிறது. கூலி ஏறினால் தோசை விலையும் ஏறும்.

1964இல் பொருளாதார அறிஞர்கள் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் இருவரும் தனித்தனியாக எழுதியது இதைத்தான். இருபது வருடம் கழித்து, 1984இல், ஜகதீஷ் பகவதி இன்னொரு கோணம் சேர்த்தார். உற்பத்தித் திறனில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், ஒரு நாட்டில் ஆட்கள் ஏராளமாகவும் முதலீடு குறைவாகவும் இருந்தால் அங்கே கூலி குறைவாகவே இருக்கும். ஆகவே ஆளை நம்பிய சேவைகள் மலிவாகும். எனக்கு இந்தியாவுக்கு இரண்டுமே பொருந்துவதாகப் படுகிறது. சாப்பாட்டுக்கடையில் இலை எடுக்க ஒருவர், தண்ணீர் ஊற்ற ஒருவர், கல்லாவில் ஒருவர் என்று நிறைய ஆட்கள் நிற்பதற்குப் பகவதியின் விளக்கம் இன்னும் நேராகப் பொருந்துகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். சிராங்கூன் சாலைக் கடையின் மாஸ்டரே தமிழ்நாட்டிலிருந்து போனவர்தானே, அவர் சில்லு ஆலைக்குத் தாவிவிட முடியாதே? உண்மைதான், அவருடைய வேலை அனுமதி அதை விடாது. அப்படியானால் ஆயிரம் பேர் போய் நின்று கூலியைச் சென்னை அளவுக்கு இறக்கிவிடலாமே என்று தோன்றும். அதையும் சட்டம் விடாது. இந்தியாவிலிருந்து இந்தியச் சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்க அங்கே 2023 செப்டம்பரிலிருந்துதான் உணவகங்களுக்கு வழி திறந்தது. அப்படி எடுப்பவருக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம் தர வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் வேலை அனுமதியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதாமாதம் தீர்வை கட்டுகிறார். சேவைத் துறையில் அது திறனையும் எண்ணிக்கையையும் பொறுத்து சில நூறு வெள்ளிகள் ஆகும். அதனால்தான் மேலே கூலி என்று எழுதாமல் ஆட்செலவு என்று எழுதினேன்.

சரக்குக் கப்பலேறுவதுபோல ஆட்கள் விரும்பியபடி விமானமேற முடிந்தால் தோசை விலைகள் வேகமாக நெருங்கிவிடும். ஆட்களுக்கு எல்லை இருப்பதால்தான் விலைக்கும் இருக்கிறது.

ஆனால் அதே சிங்கப்பூரில் தேக்கா சென்டரில் மலிவாகச் சாப்பிடலாமே?

சாப்பிடலாம். அங்கே நீங்கள் தவிர்ப்பது வாடகையையும் ஆட்களையும். தேக்கா போன்ற உணவங்காடி நிலையங்களை அரசே கட்டியது. 1970களில் தெருவோர வியாபாரிகளை உள்ளே கொண்டுவந்தபோது பலருக்குச் சலுகை வாடகையில் கடை கொடுத்தார்கள். குளிரூட்டல் இல்லை, பரிமாற ஆளில்லை, தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போகவேண்டும், சேவைக் கட்டணமும் இல்லை. கணவனும் மனைவியுமே நின்று கடை நடத்தினால் சம்பளக் கணக்கே வேறு.

ஒரே ஊரில் சில நூறு மீட்டர் தூரத்தில் இந்த விலை வித்தியாசத்தைப் பார்ப்பது நல்ல பாடம். மாவு ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான், மாற்று விகிதம் என்ற பேச்சே இல்லை.

ஒரு பர்கரை வைத்தே இதையெல்லாம் கணக்கிடுவார்களாமே?

தி எகனாமிஸ்ட் வார இதழ் 1986இலிருந்து மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் விலையை நாடு நாடாக ஒப்பிட்டு வெளியிடுகிறது. எல்லா ஊரிலும் ஒரே செய்முறை என்பது அதன் பலம். இந்தியாவில் மாட்டிறைச்சி பர்கர் விற்காததால் கோழி போட்ட மகாராஜா மேக்கை எடுக்கவேண்டி வந்தது. ஏழை நாடுகளில் பர்கர் எப்போதும் மலிவாகத் தெரிந்து, அந்நாட்டுப் பணம் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று தவறாகச் சொல்வதாலேயே 2011இலிருந்து தலா வருமானத்துக்கு ஏற்பத் திருத்திய இன்னொரு பட்டியலையும் தருகிறார்கள். படிப்பதானால் அந்தத் திருத்திய பட்டியலைப் படியுங்கள்.

தோசைக் கணக்கில் 15 வந்தது. அப்படியானால் இந்தியா முழுவதற்கும் ஒரு வெள்ளிக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. தோசையில் கூலி நிறைய, மற்றப் பொருள்களில் அப்படி இல்லை. ஒரு கைப்பேசியை எடுங்கள். சிங்கப்பூரில் 400 வெள்ளி, இங்கே 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 65, சந்தை விகிதமே. கப்பலேறும் பொருள் அப்படித்தான் நடந்துகொள்ளும். தோசை 15 என்கிறது, கைப்பேசி 65 என்கிறது. நாட்டுக்கு எது?

சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும், ஆனால் எவ்வளவு தோசைக்கு எவ்வளவு கைப்பேசி? இந்த இரண்டு பொருள் மட்டுமே உலகில் இருப்பதாக நினைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். சிங்கப்பூர்க்காரர் தன் செலவில் 40 சதவீதம் தோசைக்கும் 60 சதவீதம் கைப்பேசிக்கும் வைக்கிறார். அவர் செலவு முறைப்படி சராசரி எடுத்தால் 15இன் 40 சதவீதம் 6, 65இன் 60 சதவீதம் 39, மொத்தம் 45 ரூபாய். சென்னைக்காரர் 80 சதவீதம் தோசைக்கும் 20 சதவீதம் கைப்பேசிக்கும் செலவிடுகிறார். அவர் இப்படி வாங்கும் பொருள்களின் கூடையை வைத்து எதிர்ப்பக்கமிருந்து கணக்கிட்டால், அதாவது அதே கூடைக்குச் சிங்கப்பூரில் எவ்வளவு ஆகும் என்று பார்த்தால், ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 17 ரூபாய் 70 காசு வருகிறது.

ஒரே விலைகள், இரண்டு விடைகள்: 45, 17.70. கணக்கில் பிழை எதுவும் இல்லை. மனிதர்கள் தங்கள் ஊரில் எது மலிவோ அதை நிறைய வாங்குகிறார்கள். அதனால் எந்த ஊர்க் கூடையை எடுத்தாலும் அந்த ஊர் இன்னும் சற்று மலிவாகத் தெரியும். இதைச் சமன்செய்ய இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். 45ஐ 17.70ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 28.

நிஜத்தில் இந்த வேலையைச் செய்வது சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம். ஐ.நா.வின் புள்ளியியல் அலுவலகமும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 1968இல் தொடங்கின, இப்போது உலக வங்கி ஒருங்கிணைக்கிறது. நாட்டின் செலவு முழுவதையும் 155 தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தரமும் அளவும் எழுதி வைத்த பொருள்களின் விலையைக் கடை கடையாகச் சேகரிக்கிறார்கள். நான் மேலே இரண்டு நாட்டுக்குப் போட்ட வர்க்கமூலக் கணக்கை அவர்கள் எல்லா ஜோடி நாடுகளுக்கும் போட்டு, பிறகு ஒன்றோடொன்று முரண்படாமல் இணைக்கிறார்கள்.

2017 சுற்றில் இந்தியாவுக்கு வந்த எண், ஓர் அமெரிக்க டாலருக்கு 20.65 ரூபாய். அந்த வருடச் சந்தை விகிதம் 65.12. அதாவது அமெரிக்க விலைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதே கணக்கிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 24 ரூபாய் வருகிறது. தோசை காட்டிய 15க்கும் கைப்பேசி காட்டிய 65க்கும் நடுவில்.

அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்தானே? எந்த விலையை எடுப்பார்கள்?

நல்ல கேள்வி, விலை எடுப்பவர்களின் உண்மையான தலைவலி இது. 2013இல் சென்னையில் தொடங்கியபோதே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அந்த இட்லியை வெளிநாட்டு ஓட்டல் இட்லியோடு வைத்தால் நம் ரூபாய் உலகிலேயே வலிமையான பணம் என்று வந்துவிடும். அந்த ஒரு ரூபாய் இட்லிக்கான செலவு அல்ல. மீதியை மாநகராட்சி வேறு கணக்கில் கொடுக்கிறது. ஒப்பிடும்போது ஒரே வகைக் கடை, ஒரே வகைப் பரிமாறல் இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. எத்தியோப்பியாவின் அன்றாட உணவு இஞ்ஜெரா, டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து ஊற்றுவது, பார்ப்பதற்கு நம் ஆப்பத்துக்கு உறவு மாதிரி. அந்த டெஃப்பை வேறு நாடுகளில் யாரும் பெரிதாகச் சாப்பிடுவதில்லை, கிடைத்தாலும் சிறப்பு அங்காடியில் அதிக விலை. அதை ஒப்பீட்டில் சேர்த்தால் எத்தியோப்பியா மிக மலிவான நாடாகத் தெரியும், விட்டுவிட்டால் அந்த மக்கள் உண்மையில் சாப்பிடுவதையே விட்டதாகும். நன்றாக ஒப்பிடக்கூடிய பொருள் ஓர் ஊருக்குப் பொதுவானதாக இருப்பதில்லை, ஊருக்குப் பொதுவானது ஒப்பிட வருவதில்லை. இந்த இழுபறி முழுதாகத் தீராது.

எந்த ஊரில் விலை எடுத்தார்கள் என்பதும் முக்கியம். 2005 சுற்றில் சீனாவில் 11 நகரங்களில்தான் விலை எடுத்தார்கள். நகரத்தில் எல்லாம் விலை கூட. அந்தச் சுற்றின் முடிவு வந்தபோது சீனப் பொருளாதாரத்தின் அளவு முன்பு மதிப்பிட்டதைவிட சுமார் 40 சதவீதம் சுருங்கியது. அதில் ஒரு பகுதி இந்த நகரச் சாய்வால் வந்தது என்று விமர்சனம் எழுந்தது. பொள்ளாச்சித் தோசையையும் அண்ணா நகர்த் தோசையையும் ஒரே எண்ணுக்குள் அடக்கும்போது நமக்கும் இது பொருந்தும்.

சென்னையில் மாதம் 80,000 வாங்குகிறேன். சிங்கப்பூரில் 4,000 வெள்ளி தருவதாகச் சொல்கிறார்கள். இதில் எந்த விகிதத்தைப் போட்டுப் பார்ப்பது?

இரண்டையும். ஆனால் சம்பளத்தைப் பிரித்துப் போட வேண்டும்.

65ஆல் பெருக்கினால் 2,60,000. ஊரில் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் எண் அது. 24ஆல் பெருக்கினால் 96,000. அங்கேயே சம்பாதித்து அங்கேயே முழுக்கச் செலவழித்தால் உங்கள் வாழ்க்கைத் தரம் இந்த இரண்டாவது எண்ணுக்கு அருகில்தான் இருக்கும், இப்போதைவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல்.

ஆனால் பெரும்பாலோர் முழுக்கச் செலவழிக்கப் போவதில்லை. பகிர்ந்த அறை, உணவங்காடி நிலையத்தில் சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளியில் முடித்துக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த 2,000 வெள்ளி, 24 வீதம், சென்னையில் 48,000 ரூபாயில் வாழும் வாழ்க்கை. மிச்சம் 2,000 வெள்ளியை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அனுப்பும் பணத்துக்கு வாங்கும் திறன் விகிதம் கிடையாது, சந்தை விகிதம்தான். அது 1,30,000 ரூபாயாகத் திருச்சியில் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் 1,78,000.

செலவழிக்கும் வெள்ளிக்கு 24, அனுப்பும் வெள்ளிக்கு 65. சிக்கனமாக இருந்து ஊருக்கு அனுப்புகிறவருக்கு வெளிநாட்டு வேலை ஏன் இவ்வளவு கைகொடுக்கிறது, குடும்பத்தோடு போகிறவருக்கு ஏன் அதே சம்பளம் இறுக்கிப் பிடிக்கிறது என்பது இந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. குடும்பம் வந்தால் எல்லா வெள்ளியும் 24க்குப் போய்விடும். வாடகை வீடெடுத்தால் அதற்கும் கீழே. அதோடு, மனைவி மக்களை டிபெண்டன்ட் பாஸில் கூட்டிப்போக மாதம் 6,000 வெள்ளி நிரந்தரச் சம்பளம் வேண்டும் என்பது அங்கே விதி. 4,000 வெள்ளியில் அந்தக் கேள்வியே எழாது.

அந்த 24ஐயும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அது நாட்டின் மொத்தச் செலவுக்கானது, அரசுச் செலவும் கட்டுமானமும் அதில் உண்டு. உங்கள் மாதச் செலவில் பெரியவை ஏழெட்டு இருக்கும். அவற்றின் விலையை இரண்டு ஊரிலும் கேட்டு, நீங்கள் செலவழிக்கிற விகிதத்தில் சராசரி எடுத்தால் உங்களுக்கென்று ஓர் எண் கிடைக்கும். வாடகை பெரும்பகுதி என்றால் அந்த எண் 24ஐவிட நன்றாகவே குறையும்.

தோசை இங்கே இவ்வளவு மலிவு என்றால் ரூபாயின் மதிப்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? என்றாவது 24க்கு வந்துவிடுமா?

அப்படி எதிர்பார்க்காதீர்கள். கூலி குறைந்த நாட்டில் கப்பலேறாதவை மலிவாக இருப்பது இயல்பு, அதில் பணத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இடைவெளி சுருங்குவது பெரும்பாலும் இங்கே கூலி ஏறி, தோசை விலை ஏறுவதன் வழியாகத்தான் நடக்கும். 24 ரூபாய்க்கு வெள்ளி கிடைக்கும் நாள் வரும் என்று யாராவது முதலீட்டு ஆலோசனை சொன்னால் விலகிப்போங்கள்.

மாற்று விகிதமும் சாப்பாட்டு விலையும் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன என்பதை இலங்கை 2022இல் வலியோடு காட்டியது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதத்துக்குள் 360ஐ ஒட்டிப் போய்விட்டது. அந்தச் சில வாரங்களில் டாலர் வைத்திருந்தவருக்குக் கொழும்பில் ஒரு சோற்றுப் பார்சல் திடீரென்று மிக மலிவு. பிறகு கேஸ், மாவு, எண்ணெய், போக்குவரத்து என்று ஒவ்வொன்றாக ஏறி, செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு மலிவாகத் தெரிந்த அதே மாதங்களில் ரூபாயில் சம்பளம் வாங்கியவர் அந்தப் பார்சலை வாங்க முடியாமல் நின்றார்.

உலக வங்கியின் வறுமைக் கோடு நாளுக்கு 3 டாலர் என்கிறார்கள். நம் ஊரில் 250 ரூபாய்க்கு மேல் ஆகிறதே, அது பரவாயில்லையே?

அது அந்த டாலர் இல்லை. 2025 ஜூனில் அறிவித்த அந்த 3 டாலர், 2021ஆம் ஆண்டின் வாங்கும் திறன் விகிதத்தில் சொன்னது. அமெரிக்காவில் 3 டாலருக்கு என்ன கிடைக்குமோ அதை மட்டும் இங்கே வாங்கப் போதுமான ரூபாய் என்று படிக்க வேண்டும். 2021 விலையில் அது 60 ரூபாயை ஒட்டி வரும். அந்த 60 ரூபாயில் சாப்பாடு மட்டுமல்ல, உடை, வாடகை, மருந்து, பேருந்து எல்லாம் அடக்கம். நம் கணக்கின் 90 ரூபாய்த் தோசையில் மூன்றில் இரண்டு பங்குதான் அந்தக் காசுக்கு வரும்.